கூண்டில் நிற்பது யார்? கதை நீதிமன்றங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் மாதம் ஒருமுறை சிலர் கூடிக் கதை வாசிக்கிறோம். வருகிறவர்களில் பாதிப்பேருக்குப் புதுக்கடை நீதிமன்றங்களோடு ஏதோ ஒரு தொடர்பு உண்டு. சட்டத்தரணிகள் இருக்கிறார்கள், நீதிமன்ற எழுதுவினைஞர்கள் இருக்கிறார்கள், காணி வழக்கில் இருபது வருடம் அலைந்த ஒருவரும் இருக்கிறார். நான் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். கதையில் ஒரு கூண்டு வந்தால் போதும், அன்றைய வாசிப்பு அத்தோடு நின்றுவிடும். "இப்படியெல்லாம் நடக்காது" என்று ஒருவர் தொடங்குவார், பிளேன்ரீ ஆறிப்போகும். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை, கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலும் சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை வைத்தே பேசப்போகிறேன். எங்கள் சண்டைகள் எல்லாம் கடைசியில் அங்கேதான் போய் நின்றன.

உண்மையான கோட்டில் இப்படி ஒன்றும் நடக்காதே, தெரிந்தும் ஏன் இப்படி எழுதுகிறார்கள்?

உண்மையான நீதிமன்றத்தில் நடப்பது பெரும்பாலும் தவணை போடுவதுதான். காலை ஒன்பதரைக்கு வந்து குந்தியிருந்து, பெயர் கூப்பிட்டதும் எழுந்து நின்று, அடுத்த திகதியைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவது. வழக்கேட்டில் ஒரு வரி கூடும். அதை அப்படியே எழுதினால் அலுப்பைப் பற்றிய நல்ல கதை ஒன்று வரலாம். ஆனால் கதைக்காரர் நீதிமன்றத்தைத் தேடிப் போவது வேறு காரணத்துக்காக.

ஊரில் யார் யாரிடமும் எதையும் கேட்டுவிட முடியாது. ஏழை பணக்காரனிடமோ, மருமகள் மாமியாரிடமோ, குடி அரசனிடமோ "ஏன் இப்படிச் செய்தாய்?" என்று கேட்டால் பதில் வராது, அடிதான் வரும். கேள்வி கேட்டால் பதில் சொல்லியே தீரவேண்டும் என்று எல்லாரும் ஒப்புக்கொண்ட இடம் நீதிமன்றம் ஒன்றுதான். கதைக்காரருக்கு அந்த ஒப்பந்தம் வேண்டும். சட்டப்புத்தகம் வேண்டியதில்லை. இப்படி எழுதப்படும் நீதிமன்றக் காட்சியை நான் அற நாடகம் என்பேன்.

"அற நாடகம்" என்கிறீர்களே, அது நீதிபோதனைக் கதைதானே?

இல்லை. நீதிபோதனைக் கதையில் யார் நல்லவன் என்று முதலே தெரியும், முடிவு அதை உறுதி செய்யும். அற நாடகத்தில் குற்றம் ஒரு ஆளிடமிருந்து இன்னொரு ஆளுக்கு இடம் மாறும். காட்சி தொடங்கும்போது கூண்டில் நின்றவர் வேறு, முடியும்போது நிற்பவர் வேறு. பெரும்பாலும் தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்தவரே கடைசியில் அங்கே வந்து நிற்பார்.

இதைக் கண்டுபிடிக்க நான் கேட்டுப் பார்க்கும் கேள்வி ஒன்று உண்டு. இந்தக் காட்சியில் எந்தச் சட்ட விதி காணாமல் போயிருக்கிறது? அந்த ஓட்டை இருக்கிற இடத்தில்தான் அனேகமாக ஆசிரியர் நின்றுகொண்டிருப்பார்.

கண்ணகி வழக்கை ஒரு சட்டத்தரணி பார்த்தால் எத்தனை ஓட்டை தெரியும்?

எங்கள் குழுவில் ஒருவர் ஒரு மாலை முழுக்க இருந்து இதைச் செய்தார். முதல் ஓட்டை, நீதிபதியே எதிர்த்தரப்பு. களவு போனதாகச் சொல்லப்பட்டது அரசியின் சிலம்பு, கொல்லச் சொன்னவன் அரசன், வழக்கைக் கேட்பவனும் அவனே. இரண்டாவது, பிரதான சாட்சியான பொற்கொல்லன் அழைக்கப்படவேயில்லை. மூன்றாவது, தண்டனை ஏற்கெனவே நிறைவேறிவிட்டது. நான்காவதுதான் அவரைத் திடுக்கிட வைத்தது. முறைப்பாட்டுக்காரியே சான்றுப்பொருளை எல்லார் முன்னாலும் உடைத்துவிடுகிறாள்! "எந்த நீதிமன்றத்தில் சான்றுப்பொருளைக் கையில் கொடுத்து உடைக்க விடுவார்கள்?" என்று கேட்டார்.

சரி, அந்த உடைப்பைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். கண்ணகி தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். அரசன் உடனே அதை நல்ல சொல் என்று ஏற்று, "யாமுடைச் சிலம்பு முத்துடை அரியே" என்கிறான். எங்களுடையதில் முத்து இருக்கிறது என்று சிலம்பு மேசைக்கு வருவதற்கு முன்னமே சொல்லிவிடுகிறான். சோதனையின் விதியை இருவரும் முதலில் ஒத்துக்கொள்கிறார்கள், அதற்குப் பிறகுதான் கோவலனிடமிருந்து பிடித்த சிலம்பை வரவழைத்து முன்னால் வைக்கிறான். அவள் உடைக்கிறாள், "மன்னவன் வாய்முதல் தெறித்தது மணியே." பரல் சும்மா தரையில் உருளவில்லை, தீர்ப்புச் சொல்ல வேண்டிய வாயில் போய்ப் படுகிறது.

இதில் இன்னொன்றையும் கவனியுங்கள். உடைந்த சிலம்பு தன்னுடையது என்று அவள் நிரூபிக்கவில்லை. அரசியுடையது அல்ல என்பது மட்டும்தான் தெரியவந்தது. குற்றச்சாட்டை விழுத்த அது போதும். களவு என்று சொன்னவன்தான் களவை நிரூபிக்க வேண்டும் என்பது இன்றைக்கும் புதுக்கடையில் நடக்கிற அடிப்படை விதி. மற்ற எல்லா விதியும் மீறப்பட்ட ஒரு காட்சியில் இந்த ஒரு விதி மட்டும் முடி பிசகாமல் இருக்கிறது. சட்டத்தரணி நண்பர் இதை ஒப்புக்கொள்ள அடுத்த மாதம் வரை எடுத்தார்.

பொற்கொல்லனைக் கூப்பிட்டு இரண்டு கேள்வி கேட்டிருந்தால் முடிந்திருக்குமே, ஏன் இளங்கோ அதைச் செய்யவில்லை?

கூப்பிட்டிருந்தால் குற்றம் அவன் தலையில் போய் விடிந்திருக்கும். கெட்ட சாட்சி, பொய் சொன்னான், தண்டித்தோம், அரசன் பாவம் ஏமாந்தான் என்று கதை முடிந்திருக்கும். அரசன் தன்னைப் பற்றிச் சொல்லும் வரியைப் பாருங்கள்: "பொன்செய் கொல்லன் தன்சொற் கேட்ட யானோ அரசன் யானே கள்வன்." பொய் சொன்னவனைப் பற்றி ஒரு வார்த்தை கூட வையவில்லை. கேட்டவன் நான், ஆகவே கள்வன் நான் என்கிறான். பொய்ச்சாட்சி எல்லா ஊரிலும் இருக்கும். அதைச் சோதிக்காமல் விட்டவனே குற்றவாளி என்று காட்டத்தான் கொல்லன் மேடைக்கு வெளியே நிறுத்தப்படுகிறான்.

உண்மையில் கொல்லன் ஒரு வழக்கை ஏற்கெனவே நடத்தி வென்றுவிட்டான். அது முந்திய கொலைக்களக் காதையில் இருக்கிறது, பலர் அதை வழக்காகவே பார்ப்பதில்லை. காவலர் கோவலனைப் பார்த்ததும் இவன் "கொலைப்படு மகனலன்" என்கிறார்கள். ஆளைப் பார்த்தால் கள்வன் போல இல்லையே என்ற நியாயமான சந்தேகம் அது. கொல்லன் அவர்களைப் பார்த்து இகழ்ச்சியாகச் சிரித்து, கள்வர் மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம் என்று எட்டு வகைத் துணையோடு தொழில் செய்வார்கள் என்று நீட்டி விளக்கம் சொல்கிறான். அதில் ஒன்றுகூட இந்த ஆளைப் பற்றியது அல்ல, எல்லாம் கள்வர்களைப் பற்றிய பொது ஞானம். ஆனால் அது வேலை செய்கிறது. காவலர்கள் ஒவ்வொருவராகத் தடுமாறி நிற்கும்போது கல்லாத குடிகாரன் ஒருவன் வாளை ஓங்கி வெட்டிவிடுகிறான். எதிரியான கோவலனிடம் ஒரு கேள்விகூடக் கேட்கப்படவில்லை.

ஆக, வழக்குரை காதை என்பது மேன்முறையீடு. முதல் விசாரணை தெருவில் நடந்தது, வழக்கு நடத்தியவன் ஆள் கெட்டிக்காரன், எதிரிக்காகப் பேச ஆள் இல்லை. அதோடு சேர்த்து வாசித்தால்தான் அரண்மனைக் காட்சியின் கனம் தெரியும்.

மனுநீதிச் சோழன் கதையும் இதே வகையா?

பாதி. அங்கே மறுப்பு இல்லை, விசாரணையும் இல்லை. கன்றை இழந்த பசு மணியை அடிக்கிறது, தகப்பன் மகனைத் தேர்ச்சக்கரத்தில் போடுகிறான். நீதிபதி தன்னையே தண்டித்துக்கொள்ளும் பகுதி மட்டும் ஒத்துப்போகிறது. மகாவம்சத்தில் இதே கதை அனுராதபுரத்தில் ஆண்ட எல்லாளனைப் பற்றி வருகிறது, கட்டில் தலைமாட்டில் தொங்கிய மணி உட்பட.

கண்ணகி "யார் நீ?" என்ற கேள்விக்குப் பதிலாக இந்தச் சோழனையும் புறாவுக்காகத் தசை கொடுத்த சோழனையும்தான் முதலில் சொல்கிறாள். இப்படிப்பட்ட ஊர்க்காரி நான் என்று. சட்டத்தரணிகளின் பாஷையில், பிறநாட்டு முன்தீர்ப்பு இரண்டைக் காட்டிவிட்டு வாதத்தைத் தொடங்குகிறாள். மாமனார் பெயர், கணவன் பெயரெல்லாம் அதற்குப் பிறகுதான் வருகின்றன.

படங்களில் மரச்சுத்தியலைத் தட்டுகிறார்களே?

நான் வேலை செய்த காலம் முழுக்க ஒரு சுத்தியலும் காணவில்லை. "சத்தம் போடாதே" என்று முதலியார் ஒருமுறை சொன்னால் சனம் அடங்கிவிடும். அதை விட்டுவிடுவோம்.

கூண்டில் நின்றுகொண்டு பத்து நிமிடம் வசனம் பேச எந்த நீதிபதி விடுவார்?

இந்தக் கேள்வியில் எல்லாரும் தோற்பார்கள், ஏனென்றால் இலங்கையில் விடுவார்கள். மேல் நீதிமன்ற விளக்கத்தில் அரச தரப்பு முடிந்ததும் எதிரிக்கு மூன்று வழி உண்டு. சாட்சிக் கூண்டுக்கு ஏறிச் சத்தியம் செய்து சாட்சியம் சொல்லலாம், அப்போது அரச சட்டத்தரணி குறுக்கு விசாரணை செய்வார். ஒன்றும் பேசாமல் இருக்கலாம். அல்லது தான் நிற்கிற எதிரிக் கூண்டிலிருந்தே சத்தியம் இல்லாமல் தன் கதையைச் சொல்லலாம். மூன்றாவதைச் சொன்னால் யாரும் குறுக்குக் கேள்வி கேட்க முடியாது. நீதிமன்றம் அதையும் சாட்சியமாகவே எடுக்கும். சத்தியம் செய்யவில்லை, குறுக்கு விசாரணையில் சோதிக்கப்படவில்லை என்ற குறையோடு எடுக்கும், அவ்வளவுதான். அந்தக் கூற்று நியாயமான சந்தேகம் ஒன்றைக் கிளப்பினால் அதன் பலன் எதிரிக்கு. இங்கிலாந்தில் இந்த உரிமையை 1982 ஆம் ஆண்டுச் சட்டத்தோடு எடுத்துவிட்டார்கள், நம்மிடம் இருக்கிறது.

ஆகவே 1952 இல் வந்த பராசக்தியில் குணசேகரன் பேசும் பேச்சின் நீளம் பிரச்சினை இல்லை, அதன் உள்ளடக்கத்தைத்தான் பார்க்க வேண்டும். மறுக்கப்போகிறேன் என்று எதிர்பார்ப்பீர்கள், மறுக்கவில்லை என்கிறான். கோயிலில் குழப்பம் செய்தேன், பூசாரியை அடித்தேன் என்று ஒவ்வொன்றாக ஒப்புக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் காரணத்தைத் திருப்பி எறிகிறான். இப்படிப் பேசப்போவதாக ஒரு கட்சிக்காரன் சொன்னால் எந்தச் சட்டத்தரணியும் தலையில் கை வைப்பார். செயலை முழுக்க ஒப்புக்கொண்ட பிறகு நீதிபதிக்கு மிச்சம் இருப்பது தண்டனையின் அளவு மட்டும்தான். அவன் பேசுவது நீதிபதியை நோக்கி அல்ல, அவர் தலைக்கு மேலால் கொட்டகையில் இருக்கிற நம்மை நோக்கி. யாரை நோக்கிப் பேச்சுப் போகிறது என்று பார்ப்பது, மேலே சொன்ன காணாமல் போன விதியைத் தேடுவதைப் போலவே பயன் தரும்.

சரி, ஆனால் அதே படத்தில் நீதிபதி சொந்த அண்ணன். அதையுமா மன்னிக்க வேணும்?

மன்னிக்க வேண்டாம், பயன்படுத்துங்கள். குணசேகரனின் தங்கை கல்யாணி மேல் போடப்பட்ட குழந்தைக் கொலை வழக்கைக் கேட்பவர் அவளுடைய அண்ணன் சந்திரசேகரன். உண்மையில் உறவு தெரிந்த அந்த நிமிடமே நீதிபதி வழக்கிலிருந்து விலக வேண்டும், வேறொருவர் முன் முதலிலிருந்து தொடங்கும். கதையில் உறவு தெரியாததுதான் சங்கதியே. தங்கை வறுமையால் குழந்தையோடு ஆற்றுக்குப் போன கதையைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் இடத்தில், அவளைக் காப்பாற்றியிருக்க வேண்டிய ஆளே உட்கார்ந்திருக்கிறான். பாண்டியன் விடயத்தில் பார்த்த முதல் ஓட்டை, நீதிபதியே எதிர்த்தரப்பு என்பது, இங்கே குடும்பச் சட்டை போட்டு வந்திருக்கிறது.

ஆனால் கடைசியில் குழந்தை உயிரோடு கொண்டுவரப்பட்டு வழக்கு கரைந்துபோவது என்னைப் பொறுத்தவரை பலவீனம். அதுவரை "இவளை இந்த நிலைக்குக் கொண்டுவந்தது யார்?" என்று கேட்டுக்கொண்டிருந்த காட்சி, திடீரென்று "கொலையே நடக்கவில்லை" என்று பதில் சொல்லி இறங்கிவிடுகிறது. கேட்ட கேள்வி அப்படியே அந்தரத்தில் நிற்கிறது. இதை நான் சொன்னதற்காக ஒரு மூத்த அண்ணர் இரண்டு மாதம் கூட்டத்துக்கு வரவில்லை.

அப்படியென்றால் எந்தப் பிழைக்கும் "இது அற நாடகம்" என்று சாக்குச் சொல்லலாமே?

சொல்ல முடியாது. நாங்கள் செய்யும் சோதனை இது: அந்தச் சட்டப் பிழையைத் திருத்தி எழுதிப் பாருங்கள். காட்சி விழுந்துவிட்டால் பிழைக்கு வேலை இருந்தது. காட்சி அப்படியே நின்றால் எழுதியவர் சோம்பல்பட்டிருக்கிறார். சந்திரசேகரனை விலக்கிவிட்டு வேறு நீதிபதியைப் போடுங்கள், காட்சி விழும். ஆனால் தீர்ப்பு வாசிக்கும் நேரத்தில் ஒருவர் கதவைத் தள்ளிக்கொண்டு "நிறுத்துங்கள்!" என்று கைத்தொலைபேசி வீடியோவோடு ஓடிவரும் காட்சியை எடுங்கள். அந்த வீடியோவை முறைப்படி முன்கூட்டியே கொடுத்து, யார் எடுத்தார், எப்படிப் பாதுகாத்தார் என்று சாட்சியம் சொல்ல வைத்தாலும் கதையில் ஒன்றும் மாறாது. அந்த ஓட்டம் வெறும் ஓட்டம்.

நன்றாக வேலை செய்யும் பிழைக்கு இன்னொரு உதாரணம் ஆல்பர் காமுவின் 'அந்நியன்', 1942 இல் வந்த நாவல். ஒருவனைச் சுட்டுக் கொன்ற வழக்கில், தாயின் பிணப்பெட்டி அருகே அவன் பால் கோப்பி குடித்ததையும் சிகரெட் பிடித்ததையும் அழாமல் இருந்ததையும் சாட்சிகள் சொல்கிறார்கள். நம் சான்றுக் கட்டளைச் சட்டப்படி எதிரியின் கெட்ட குணம் வழக்குக்குச் சம்பந்தமில்லாதது, அவனாகத் தன் நல்ல குணத்தை நிரூபிக்க வந்தால் தவிர. எங்கள் நாட்டில் அரச தரப்பு அந்தக் கோப்பியைப் பற்றி வாயே திறக்க முடியாது. அதைத் தடுத்துவிட்டால் நாவலே இல்லை. அவன் கொன்றதற்காக அல்ல, அழாததற்காகத் தண்டிக்கப்படுகிறான் என்பதுதான் நாவல்.

துப்பறியும் கதை வேறு. அங்கே ஆசிரியர் வாசகரோடு பந்தயம் கட்டுகிறார். விடை நடைமுறையில்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு நடைமுறையைப் பிழையாக எழுதினால் அது கள்ள ஆட்டம்.

கடைசியில் பாண்டியன் செத்தான், நீதி கிடைத்தது. பிறகு ஏன் மதுரையை எரித்தாள்?

இதைத்தான் எல்லாரும் வேகமாகக் கடந்துபோகிறார்கள். அரசன் தன்னைக் கள்வன் என்று சொல்லி விழுந்து இறக்கிறான், கோப்பெருந்தேவியும் இறக்கிறாள். சட்டப்படி வழக்கு அங்கே முடிந்தது. ஆனால் அவளுடைய கணவன் எழும்பவில்லை. தீர்ப்பு சரியாக வந்தும் போதாமல் போகும் இடத்தை இளங்கோ மறைக்கவில்லை, அதை நகரத்தின் மேல் கொட்டுகிறார். யாரை விடவேண்டும் என்று அவள் தீக்குச் சொல்லும் பட்டியல் இருக்கிறது: பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழந்தை. மற்றவர்கள் தீயவர் பக்கம். ஒரு தனி மனிதனுக்கு விசாரணை இல்லாமல் தண்டனை கிடைத்ததே என்று கேட்க வந்த கதை, ஒரு நகரத்துக்கே விசாரணை இல்லாமல் தண்டனை கொடுக்கிறது.

இன்னும் கசப்பானது அதே நூலின் உரைபெறு கட்டுரையில் வருகிறது. அடுத்து வந்த பாண்டியன் வெற்றிவேற் செழியன் கண்ணகிக்குச் சாந்தி செய்ய ஆயிரம் பொற்கொல்லரைக் கொன்று வேள்வி செய்தான் என்கிறது. மேடைக்கு வெளியே நிறுத்தப்பட்ட அந்த ஒரு கொல்லனுக்காக, அவன் தொழில் செய்த ஆயிரம் பேர். "கள்வர் எல்லாம் இப்படித்தான்" என்று பொது ஞானம் பேசிக் கோவலனைக் கொல்ல வைத்தானே, அதே நியாயம் இப்போது கொல்லர்கள் மேல் திரும்பியிருக்கிறது. அற நாடகம் என்றால் அறம் வெல்லும் நாடகம் என்று யாராவது சொன்னால் இந்த வரியைக் காட்டுங்கள்.

நம் ஊர்ச் சனம் இதை வேறு விதமாக விளங்கிக்கொண்டது. மட்டக்களப்புப் பக்கக் கண்ணகி அம்மன் கோயில்களில் வைகாசிச் சடங்கில் பாடுகிற ஏட்டுக்குப் பெயரே 'கண்ணகி வழக்குரை'. சடங்கு வழக்கோடு முடிவதில்லை, குளிர்த்தியோடு முடிகிறது. வென்று வந்தவளின் கோபத்தைத் தண்ணீரால் ஆற்றுகிறார்கள். வழக்கில் வென்றவளுக்கும் ஆறவேண்டியது மிச்சம் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

நீங்கள் இவ்வளவு காலம் நீதிமன்றத்தில் இருந்தவர். அங்கே இப்படி ஒரு காட்சியாவது பார்க்கவில்லையா?

காட்சியாக ஒன்றும் இல்லை. ஆனால் ஒன்று மறக்கவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு நீதிமன்றத்தில், சங்கிலி அறுத்த வழக்கு. சங்கிலியைக் கடதாசி உறையிலிருந்து எடுத்துக் காட்டி, இது உங்களுடையதா என்று கேட்டார்கள். வயதான அம்மா ஒருவர். சங்கிலியைக் கண்டதும் அவர் தன் தாய் தோட்டை அடகு வைத்து அதைச் செய்வித்த கதையைத் தொடங்கிவிட்டார். கொக்கி ஒருமுறை உடைந்து, செப்பமாய் ஒட்டாமல் ஒட்டிய இடத்தை விரலால் தடவிக் காட்டிக்கொண்டே பேசினார். சட்டத்தரணி எழுந்து, ஆம் அல்லது இல்லை என்றால் போதும் என்றார். நீதிபதி கையைக் காட்டினார். நான் "ஆம்" என்று சிங்களத்தில் சொன்னேன். அதுதான் பதிவானது.

இறங்கும்போது அவர் என்னிடம் கேட்டார், "தம்பி, நான் இவ்வளவு சொன்னேன், நீங்கள் ஒரு சொல்தானே சொன்னீங்கள்?" நீதிமன்றத்தின் மேல் பிழை இல்லை, வழக்குக்கு அந்த ஒரு சொல்தான் தேவை. ஆனால் வழக்குரை காதையை வாசிக்கும்போது, சிலம்பின் உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருத்தியை முழுக்கச் சொல்லவிட்டு, அதன்மேல் ஒரு அரசாங்கமே நின்று ஆடுவதைப் பார்க்கும்போது, எனக்கு அந்தக் கொக்கிதான் ஞாபகம் வரும்.

வழக்கு இழுபடுகிறது, தீர்ப்பு வராது என்று சனம் ஏற்கெனவே வெறுத்துப்போன நாட்டில், "நீதிபதிதான் குற்றவாளி" என்று வாசிக்கப் பழக்குவது ஆபத்தில்லையா?

இதைக் கேட்டவர் அந்தக் காணி வழக்குக்காரர்தான், ஆகவே சும்மா சமாளித்துவிட முடியவில்லை. ஆபத்து இருக்கிறது. ஒரு பேச்சு, ஒரு உடைப்பு, உடனே உண்மை என்று பழகினவருக்குத் தவணையும் குறுக்கு விசாரணையும் ஏமாற்று வேலை போலத்தான் தெரியும். கொலைக்களக் காதையை அவருக்கு நினைவூட்டினேன். அங்கே தவணையே இல்லை. அரசன் வழியில் போகிறபோது ஒரு வார்த்தை சொன்னான், அன்றே முடிந்தது.

அதே சிலப்பதிகாரத்தில், கட்டுரை காதையில், மதுராபதித் தெய்வம் கண்ணகிக்கு இன்னொரு வழக்கைச் சொல்கிறது. வார்த்திகன் என்ற பார்ப்பானின் மகனுக்கு ஒருவர் நகைகளைப் பரிசாகக் கொடுத்தார். பையன் போட்டிருந்த நகையைப் பார்த்த அரசனின் ஆட்கள், புதையலை எடுத்துக்கொண்டான் என்று தகப்பனைச் சிறையில் போட்டார்கள். இதுவும் நகை வழக்குத்தான், சந்தேகமும் அதே மாதிரி. வித்தியாசம் ஒன்றுதான், இங்கே சிறையில் போட்டார்கள், வெட்டவில்லை. மனைவி கார்த்திகை அழுது புரண்டாள், கொற்றவை கோயில் கதவு திறக்க மறுத்தது, அரசன் ஏன் என்று விசாரித்தான். பிழை தெரிந்தது. ஆள் உயிரோடு இருந்ததால் அவனிடமே போய், என் முறை பிழைத்தது, பொறுக்க வேண்டும் என்று நிலத்தில் விழுந்து கேட்க முடிந்தது. இரண்டு ஊர்களை எழுதிக் கொடுத்தான். அது மட்டுமல்ல, சிறைகளைத் திறக்கச் சொல்லி, புதையலாக இருந்தாலும் கொடுத்த பொருளாக இருந்தாலும் பெற்றவருக்கே சொந்தம் என்று ஊருக்கு அறிவித்து விதியையே மாற்றினான்.

கோயில் கதவு திறந்த சத்தம் மலை போன்ற மாடங்கள் எங்கும் கேட்டதாம். காணி வழக்குக்காரர் அந்த இடத்தை இன்னொருமுறை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். அடுத்த மாதம் அவருக்குத் தவணை செவ்வாய்க்கிழமை விழுகிறது, கூட்டத்தை அதற்கேற்ற மாதிரி வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.